ஐந்து பூத்துக்கு ஒரு ஆள்

தொழிலாளர் உரிமை என்றால் கூலி, பணி நிரந்தரம், பி.எஃப். என்று பேசுகிறோம். வேலை நேரத்தில் ஒருவர் எத்தனை மணிக்குச் சாப்பிடலாம், எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குப் போகலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பேசுவதில்லை. அது ஏதோ சின்ன விஷயம் போலவும், மேற்பார்வையாளரிடம் நல்லவிதமாகக் கேட்டால் தீர்ந்துவிடும் போலவும் நமக்குத் தோன்றுகிறது. 'நல்லவிதமாகக் கேட்பது' எல்லாருக்கும் ஒன்றுபோல நடக்கக்கூடியது அல்ல என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் ஒரு சுங்கச்சாவடி. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அமைப்பின் சார்பில் அங்குள்ள பெண் ஊழியர்களோடு சில மாதங்கள் பழகினேன். பாதிப் பேர் நகரத்திலிருந்து கம்பெனி வேனில் போய்வருகிறவர்கள். நாங்கள் போனது உடல்நலம் பற்றிப் பேச. சிறுநீர்த் தொற்று ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டபோது ஒரு தங்கை சொன்னாள்: "தண்ணி குடிச்சா எழுந்து போகணும்க்கா. எழுந்து போனா லேன் மூடணும். லேன் மூடினா சூப்பர்வைசர் வருவாரு. அதனால குடிக்கிறதில்ல."

மூன்று வரியில் பிரச்சினை முழுவதையும் சொல்லிவிட்டாள். கழிப்பறை இருக்கிறது. சட்டத்தில் இடைவேளையும் இருக்கிறது. எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் இல்லை.

சில ஆண்டுகளாக 'உட்காரும் உரிமை' பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டுத் தொடங்கியது அது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றன. சாவடிப் பெண்களுக்குக் கதை தலைகீழ். நாற்காலி உண்டு, அதிலிருந்து எழுந்திருக்கத்தான் வழியில்லை. நாற்காலியை ஒருமுறை வாங்கிப் போட்டால் போதும். எழுந்திருக்கும் உரிமைக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓர் ஆள் வேண்டும். நிர்வாகங்கள் முன்னதற்கு இறங்கிவந்து பின்னதற்கு முரண்டு பிடிப்பதன் காரணம் இதுதான்.

அந்தச் சாவடியில் இடைவேளை எப்படி நடந்தது என்று முதலில் சொல்கிறேன். மூன்று வழிகள் இருந்தன. வண்டி குறைவாக இருந்தால் லேனில் சிவப்பு விளக்கைப் போட்டு, கூம்பை வைத்து மூடிவிட்டுப் போகலாம். அதற்கு மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். அல்லது பக்கத்து பூத் ஆள் இரண்டையும் பார்த்துக்கொள்வார், அதாவது இங்கே ஒரு வண்டி, ஓடிப்போய் அங்கே ஒரு வண்டி. மூன்றாவது வழி, யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போவது. லாகின் இவளுடையது, பணப்பையும் இவளுடையது. ஷிஃப்ட் முடிவில் எண்ணும்போது இருநூறு ரூபாய் குறைந்தால் அது 'ஷார்ட்டேஜ்', இவள் சம்பளத்தில் பிடிப்பார்கள். பத்து நிமிடம் கழிப்பறைக்குப் போனதற்கு இருநூறு ரூபாய். ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அடுத்த மாதம் முழுக்கத் தண்ணீர் குடிக்கத் தோன்றாது.

இந்தப் பிரச்சினைக்குப் பழைய, நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் துறைமுக ஆணையத்தில் லெஸ்லி எடீ என்பவர் லிங்கன் சுரங்கப்பாதையிலும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலும் சுங்க பூத்துகளில் வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று அளந்தார். 1954இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிப் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: நாளின் எந்த நேரத்தில் எத்தனை பூத் திறந்திருக்க வேண்டும் என்று வண்டி எண்ணிக்கையிலிருந்து கணக்குப் போட்டார். பிறகு ஊழியர்களின் சாப்பாட்டு நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் அந்தக் கணக்குக்குள்ளேயே வைத்து, முன்கூட்டியே அட்டவணை எழுதினார். அங்கே களத்தில் நிற்கும் அதிகாரி அப்போதைக்கப்போது பார்த்துச் செய்வதாக இருந்த ஒன்று, காகிதத்தில் எழுதப்பட்ட நேரமாக மாறியது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மாற்றம்தான். இடைவேளை யாருடைய நல்ல மனதையும் சார்ந்திருக்கவில்லை.

நாங்களும் ஒரு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தியால்பேட்டையில் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில். ரிலீவருக்கு என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர்களே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒருவருக்கு அரை மணி நேரச் சாப்பாடு, கால் மணி நேரமாக இரண்டு சிறு இடைவேளை. ஆக மொத்தம் ஒரு மணி நேரம். 'அப்படியானால் ஒரு ரிலீவர் எட்டு மணி நேரத்தில் எட்டு பூத்தைப் பார்த்துக்கொள்ளலாமே' என்று முதலில் தோன்றும். நிர்வாகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் இரண்டு செலவுகள் விட்டுப்போகின்றன. ஒன்று, ரிலீவரும் மனிதர், அவருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். இன்னொன்று கைமாற்றும் நேரம். நின்றிருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும், சிவப்பு விளக்கு போட வேண்டும், லாகின் அவுட் செய்ய வேண்டும், பணப்பையைப் பூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ரிலீவர் தன் லாகினில் நுழைந்து, தன் சில்லறைப் பையை வைத்துப் பச்சை விளக்கைப் போட வேண்டும். இடைவேளை முடிந்ததும் இதே வேலை தலைகீழாக. போகும்போது இரண்டரை நிமிடம், வரும்போது இரண்டரை நிமிடம் என்று வைத்தோம். ஆக, கால் மணி நேர இடைவேளைக்கு ரிலீவரின் நேரத்தில் 20 நிமிடம், சாப்பாட்டுக்கு 35 நிமிடம். ஒரு பூத்துக்கு மொத்தம் 75 நிமிடம்.

ஆறு பூத் என்றால் 450 நிமிடம். ரிலீவரின் சொந்த ஓய்வு 60. மொத்தம் 510. ஷிஃப்டில் இருப்பதோ 480 நிமிடம்தான். ஐந்து பூத் என்றால் 375, ஓய்வோடு 435. உள்ளே அடங்குகிறது, 45 நிமிடம் மிச்சம். ஆறு பூத்துக்கு ஒரு ரிலீவர் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், ஒருவருடைய இடைவேளை காணாமல் போகப்போகிறது என்று பொருள். யாருடையது என்பது காகிதத்தில் இருக்காது.

ஐந்து பூத்துக்கு ஒரு ஆள் என்பதையும் மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தோம். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஷிஃப்ட். முதல் சுற்றுச் சிறு இடைவேளை 6.45க்குத் தொடங்கி, ஆளுக்கு 20 நிமிடமாக 8.25க்கு முடிகிறது. ரிலீவருக்கு டீ 8.40 வரை. பிறகு சாப்பாட்டுச் சுற்று: முதல் மூன்று பூத்தும் 8.40 முதல் 10.25 வரை. ரிலீவர் சாப்பிட 10.55 வரை. நான்காவது பூத் 11.30 வரை, ஐந்தாவது 12.05 வரை. ரிலீவருக்கு இன்னொரு டீ 12.20 வரை. மூன்றாவது சுற்று 12.20க்குத் தொடங்கி, ஐந்தாவது ஆள் முடிக்கும்போது சரியாக இரண்டு மணி.

கணக்கு நிமிடம் பிசகாமல் பொருந்திவிட்டது. எழுதி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெண்கள்தான் சிரித்தார்கள். "முதல் பூத்காரி ஆறு மணிக்கு உட்கார்ந்து ஆறே முக்காலுக்கு ரெஸ்ட் எடுப்பாளா? அஞ்சாவது பூத்காரி ரெண்டு மணிக்கு ரெஸ்ட் முடிச்சு வீட்டுக்குப் போவாளா?" ஐந்து மணிக்கு வேன் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவள் ஐந்தாவது பூத்தில் இருந்தால் காலைப் பலகாரத்துக்கு 11.30 ஆகும். அட்டவணையில் இடைவேளை இருக்கிறது, வயிற்றின் நேரத்தோடுதான் அது சேரவில்லை.

இந்த இடத்தை நம் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஐந்து என்பது வெளி எல்லை, அதில் ஒரு நிமிடம்கூடத் தளர்வு இல்லை. மாதவிடாய் நாளில் ஒருத்தி அட்டவணைக்கு வெளியே எழுந்திருக்க வேண்டியிருந்தால் சங்கிலி முழுவதும் பின்னால் தள்ளிப்போகும், கடைசி ஆளின் இடைவேளை விழுந்துவிடும். நான்கு பூத்துக்கு ஒரு ஆள் என்றால் 300 நிமிடம், சொந்த ஓய்வோடு 360. இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. முதல் இடைவேளையை ஏழரைக்குத் தொடங்கலாம், 'அக்கா, ஒரு நிமிஷம்' என்று கை காட்டுகிறவளிடமும் போகலாம். அந்தச் சாவடியில் எட்டு லேன். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ரிலீவர் என்பது எங்கள் கோரிக்கை ஆனது.

மேலாளரிடம் பேசும்போது மனிதாபிமானம் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வரிசையைப் பற்றிப் பேசினோம். ஒரே திசையில் ஐந்து லேன், வண்டிக்குச் சராசரி 15 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேன் மணிக்கு 240 வண்டி, ஐந்தும் சேர்ந்து 1,200. நெரிசல் நேரத்தில் மணிக்கு 1,100 வண்டி வருகிறது என்றால் சமாளிக்கலாம். இப்போது ஒரு லேனை 20 நிமிடம் மூடுங்கள். மீதி நான்கின் திறன் 960. மணிக்கு 140 வண்டி மிஞ்சுகிறது, 20 நிமிடத்தில் சுமார் 47. நான்கு லேனுக்குப் பங்கிட்டால் லேனுக்குப் பன்னிரண்டு வண்டி. வண்டிக்கு ஏழு, எட்டு மீட்டர் என்றால் வரிசை கிட்டத்தட்ட 90 மீட்டர். லேனைத் திறந்த பிறகும் அது உடனே கரையாது. கூடுதல் திறன் மணிக்கு 100 வண்டிதானே, கரைய அரை மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். அதற்குள் அடுத்தவள் இடைவேளை கேட்டிருப்பாள்.

90 மீட்டர் என்ற எண் மேலாளருக்கு உறைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021 மே மாதம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நெரிசல் நேரத்திலும் ஒரு வண்டி 10 நொடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் அது குறையும்வரை வண்டிகளைக் கட்டணமின்றி விட வேண்டும், அந்தத் தூரத்தைக் காட்ட மஞ்சள் கோடு போட வேண்டும் என்பவை அதில் இருந்தன. மஞ்சள் கோட்டுக்கு உள்ளே வரிசையை வைத்திருக்க மேற்பார்வையாளருக்குத் தெரிந்த ஒரே வழி, யாரையும் எழுந்திருக்க விடாமல் இருப்பது. பயணியின் பத்து நொடிக்கு ஒரு கோடு போட்டார்கள். பூத்துக்குள் இருப்பவளுக்கு எந்தக் கோடும் போடவில்லை. ரிலீவர் இருந்தாலும் கைமாற்றும் இரண்டரை நிமிடம் லேன் சிவப்பாகத்தான் இருக்கும். அதில் ஐந்தாறு வண்டிகள் கூடுதலாகச் சேரும், உடனே கரைந்துவிடும். இடைவேளையால் லேன் மூடுவதே இல்லை என்று யாராவது சொன்னால் அதன் உண்மையான பொருள் இதுதான்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும். 'ஒரு ஆள்தானே கேட்கிறோம்' என்று சங்கங்கள் சொல்வதுண்டு. அது ஓர் ஆள் இல்லை. மூன்று ஷிஃப்ட், ஏழு நாள் என்றால் ஒரு நாற்காலிக்கு வாரம் 21 ஷிஃப்ட். ஒருவர் ஆறு ஷிஃப்ட் பார்ப்பார். ஆக ஒரு நாற்காலிக்கு மூன்றரை ஆள். இரண்டு ரிலீவர் நாற்காலிக்கு ஏழு பேர். இதை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், 'ஒரு ஆள் கேட்டீர்கள், இந்தாருங்கள் ஒரு ஆள்' என்று ஒரே ஒருவரைக் கொடுத்து, அவர் வார விடுமுறை எடுக்கும் நாளில் எல்லாரையும் பழைய நிலையில் விட்டுவிடுவார்கள்.

இனி 'பதிலி' என்ற சொல்லுக்கு வருகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு அது வீட்டுச் சொல். என் தாத்தா ஒரு மில்லில் பல வருடம் பதிலியாக இருந்தவர். காலையில் கேட்டில் போய் நிற்பார், யாராவது வரவில்லை என்றால் உள்ளே கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் திரும்பி வருவார். கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கும் ரோடியர் மில்லைக் கடந்துபோகும் போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வரும். இந்த ஊரில் எட்டு மணி நேர வேலை சும்மா வந்துவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள், அதன் பிறகு வந்த சட்டத்தில்தான் எட்டு மணி நேரம் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாரம் 54 மணி நேரம் 48 ஆனது 1946இல். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர். வேலை நாளின் நீளத்தைச் சட்டத்தில் எழுதிவிட்டோம். அந்த எட்டு மணி நேரத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது மிச்சம் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் அரை மணி ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அந்த அரை மணியில் மிஷினை யார் பார்ப்பது என்று அது சொல்லவில்லை.

பதிலி என்பவர் வராதவருக்குப் பதிலாக வருகிறவர். ரிலீவர் என்பவர் வந்திருப்பவரை எழுந்திருக்க விடுகிறவர். இரண்டும் வேறு வேறு வேலை. இவை ஒன்றாகக் குழம்பும் இடத்தில்தான் ஏறக்குறைய எல்லா ரிலீவர் ஏற்பாடும் செத்துப்போகிறது. மூன்றாவது லேன்காரி இன்று லீவு. மேற்பார்வையாளர் என்ன செய்வார்? ரிலீவரை எடுத்து மூன்றாவது லேனில் போட்டுவிடுவார். லேன் திறந்திருக்கிறது, வரிசை இல்லை, மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் எல்லாம் சரி. அன்று அத்தனை பேருடைய இடைவேளையும் போயிற்று, எங்கும் பதிவாகவில்லை. அதனால் எங்கள் கோரிக்கையில் ஒரு வரி சேர்த்தோம்: ஆள் வராத நாளில் மூடப்பட வேண்டியது லேன், எடுக்கப்படக் கூடாதது ரிலீவர். மேலாளர் இந்த ஒரு வரிக்குத்தான் மிக நீளமாக வாதாடினார். அதிலிருந்தே அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது.

ஏற்பாடு உண்மையில் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லேனிலும் யார், எத்தனை மணிக்கு லாகின் ஆனார், எப்போது வெளியேறினார் என்று கணினியில் பதிவு இருக்கிறது. ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரே பெயர் தொடர்ந்து இருந்தால் ஒன்று அவள் எழுந்திருக்கவில்லை, அல்லது வேறு யாரோ அவள் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. இடையில் மூன்று முறை ரிலீவரின் பெயர் வந்தால்தான் இடைவேளை நடந்திருக்கிறது. தனி லாகின், தனிப் பணப்பை என்பதை நாங்கள் முதலில் ஷார்ட்டேஜுக்காகத்தான் கேட்டோம். அதுவே நல்ல சாட்சியாகவும் ஆகிவிட்டது. சுவரில் ஒட்டிய அட்டவணையை யாரும் ஒட்டலாம்.

ஆட்கள் நியமனம் வந்தபோது நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று நடந்தது, நடக்கவும் செய்தது. ரிலீவர் ஒருவர்தான் எல்லாருடைய நாற்காலியிலும் உட்காருகிறவர், எல்லாருடைய மேஜையையும் தொடுகிறவர். நிர்வாகம் முதலில் போட்ட இருவரில் ஒருவன் அதுவரை லேன் பெருக்கிக்கொண்டிருந்த பையன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், சேரிப் பையன். பக்கத்து ஊர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இரண்டு ஆபரேட்டர்கள், 'எனக்கு இடைவேளை வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பூத்துக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவன் வரும்போது எடுத்துக்கொண்டு போனார்கள். 'விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்' என்ற இடைவேளை இப்படித்தான் உடையும். இரண்டு பேர் வேண்டாம் என்றதும், 'பாருங்கள், யாருக்கும் தேவைப்படவில்லை' என்று பேச்சு வந்தது. இடைவேளை கட்டாயம், அட்டவணைப்படி எழுந்தே ஆக வேண்டும் என்று எழுதச் சொன்னோம். எழுதினார்கள். இப்போது அந்த இருவரும் எழுந்துதான் போகிறார்கள், பாட்டிலோடு.

முதல் பூத், ஐந்தாவது பூத் விஷயத்திலும் இதே வாசனை இருந்தது. பசிக்கும் நேரத்தில் சாப்பாடு கிடைக்கும் இடம் நடுவில் இருக்கிறது. ஆரம்பத்தில் மேற்பார்வையாளர்தான் யாருக்கு எந்த இடம் என்று போட்டார். இரண்டு வாரப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தோம். கடைசி இடத்தில் திரும்பத் திரும்ப அதே மூன்று பெயர்கள். விளக்கம் வேண்டுமா? இடம் தினமும் ஒன்று நகரும் என்று மாற்றினோம். இன்று முதலாவதாகப் போனவள் நாளை இரண்டாவது, கடைசி ஆள் முதலாவது. அதற்குப் பிறகு யார் போடுகிறார்கள் என்பது பொருட்டாக இல்லை.

'பாஸ்டேக் வந்துவிட்டது, இனி பூத்தில் ஆளே எதற்கு' என்று சிலர் கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. பணம் எண்ணும் வேலை குறைந்தது உண்மை. ஆனால் பணம் இல்லாத டேக், வாசிக்காத டேக், தகராறு செய்கிற ஓட்டுநர் என்று நூற்றில் சில வண்டிகளுக்காக ஆள் அங்கேயே இருக்க வேண்டும். லேனில் ஆள் இல்லாத ஐந்து நிமிடத்தில் அப்படி ஒரு வண்டி வந்தால் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும். எழுந்திருக்க முடியாத நிலை அப்படியே இருக்கிறது, ஆட்கள் மட்டும் குறைகிறார்கள். 2022 அக்டோபரில் செங்குறிச்சி, திருமாந்துறை சுங்கச்சாவடிகளில் 28 பேரை வேலையை விட்டு நீக்கியதற்கு எதிராக ஊழியர்கள் போராடியது நினைவிருக்கலாம். ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் வெட்டப்படுவது ரிலீவர் இடம்தான். அவருக்கென்று ஒரு லேன் இல்லையே, கணக்கெடுக்கிறவர் கண்ணுக்கு அவர் சும்மா நடந்துகொண்டிருப்பவராகத் தெரிவார்.

பாஸ்டேக் இன்னொரு வேலையையும் உண்டாக்கியது. டேக் வாசிக்காவிட்டால் கையில் ஸ்கேனரோடு வண்டியின் முன் கண்ணாடிக்குப் போய் நிற்கும் பையன்கள். பூத்துக்குள் மின்விசிறி இருக்கிறது. இவர்கள் மே மாத வெயிலில், லாரிப் புகையில், இரண்டு லேனுக்கு நடுவே நிற்கிறார்கள். நாங்கள் திண்ணையில் போட்ட கணக்கு பூத்துகளுக்கானது, லேனில் நிற்கிறவர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். நான்கு பையன்களுக்கு ஒரு ரிலீவர் என்று அதே கணக்கை அவர்களுக்கும் போட்டுத் தனியாகக் கொடுத்திருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் இல்லை. அவர்கள் வேறொரு ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒப்பந்ததாரர், சாவடி நிர்வாகத்தைக் கேளுங்கள் என்கிறார்.

பெண்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. காலை ஷிஃப்டிலும் மதிய ஷிஃப்டிலும் இரண்டு ரிலீவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஒருவரும் இல்லை. இரவில் வண்டி குறைவு, லேனை மூடிவிட்டுப் போகலாமே என்பது நிர்வாகத்தின் வாதம். கணக்குப்படி அதில் நியாயம் உண்டு, வண்டி குறைவாக வரும்போது ஒரு லேனை மூடினால் வரிசை வராது. ஆனால் இரவில் எட்டில் நான்கு லேனைத்தான் திறக்கிறார்கள், ஆட்களையும் அந்த நான்குக்கு மட்டும்தான் போடுகிறார்கள். பின்னிரவு மூன்று, நான்கு மணிக்குக் காய்கறி லாரிகளும் ஆம்னி பஸ்களும் சேர்ந்து வரும்போது நான்கும் நிறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மூட விடுவதில்லை. இரவு ஷிஃப்டின் மூன்று வார லாகின் பதிவைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். மூன்றிலிருந்து ஆறு வரை எந்த லேனிலாவது பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் வேலை பார்க்கும் தங்கை தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறாள், ஒரு லிட்டர். இரவில் இருப்பவர்கள் இன்னும் அரை லிட்டரைத்தான் காலை வரை வைத்திருக்கிறார்கள்.